200 நாள் கோடு எதை மறக்கிறது

கோயம்புத்தூரில் ஒரு தரகு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கணிப்பொறி ஒன்றுதான் இருந்தது. அதுவும் கணக்காளரின் மேசையில். நகரும் சராசரி போடுவது எங்களுக்குக் கைவேலை. நீளமான கணக்கு நோட்டில் பங்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, காலையில் செய்தித்தாளில் வரும் முந்தைய நாள் முடிவு விலையை ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே போவோம். 200 வரி சேர்ந்த பிறகுதான் முதல் சராசரி கிடைக்கும். அதற்கு மேல் தினமும் ஒரே வேலைதான்: கூட்டுத்தொகையோடு இன்றைய விலையைச் சேர்க்க வேண்டும், 200 வரிக்கு முன்னால் இருக்கும் விலையைக் கழிக்க வேண்டும், வருவதை 200ஆல் வகுக்க வேண்டும்.

இந்த வேலையைக் கையால் செய்தவர்களுக்கு ஒன்று தானாகவே கண்ணில் படும். சராசரியை இரண்டு விலைகள் நகர்த்துகின்றன. உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று. ஒரு பங்கு நேற்றும் 500, இன்றும் 500 என்று அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். இன்று கழிபடும் பழைய வரியில் 700 இருந்தால், சராசரி ஒரு ரூபாய் இறங்கும். இன்று சந்தையில் எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் ஒன்பது, பத்து மாதத்துக்கு முன்னால். ஆனாலும் வரைபடத்தாளில் கோடு சாயும். கோடு சாய்வதைப் பார்த்தவர்கள் பங்கு பலவீனமாகிறது என்று பேசிக்கொள்வார்கள். நான் நோட்டைப் புரட்டி, கழிந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டுவேன்.

திரையில் கோட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கழியும் வரி தெரிவதில்லை. எஸ்எம்ஏ என்கிற எளிய நகரும் சராசரியின் குணம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. 200 நாளும் சமம். நேற்றைய விலைக்கும் 199 நாளுக்கு முந்தைய விலைக்கும் ஒரே மதிப்பு. அடுத்த நாள் அந்தப் பழைய விலையின் மதிப்பு ஒரேயடியாகச் சுழியம்.

இரண்டாவது முறை, ஈஎம்ஏ, எங்கள் அலுவலகத்துக்குள் வந்ததற்குக் காரணம் கொள்கையல்ல, சோம்பல். அதற்கு 200 வரி வேண்டாம். நேற்றைய சராசரி என்ற ஒரே எண் போதும்.

```
EMA(இன்று) = EMA(நேற்று) + 2/(N+1) × (முடிவு விலை − EMA(நேற்று))
```

50 நாள் ஈஎம்ஏவில் பெருக்கும் எண் 2/51. நேற்றைய சராசரி 400, இன்றைய விலை 451 என்றால் இடைவெளி 51. அதில் 51இல் 2 பங்கு, அதாவது 2 ரூபாயைக் கூட்டினால் இன்றைய சராசரி 402. அவ்வளவுதான் கணக்கு. ஒரு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்து விலை பாதியானால், எஸ்எம்ஏ நோட்டில் 200 வரியையும் பாதியாக்கி எழுத வேண்டும். மறந்தால் அடுத்த 200 நாளுக்கும் சராசரி பொய் சொல்லும். ஈஎம்ஏ நோட்டில் அந்த ஒரே எண்ணைப் பாதியாக்கினால் தீர்ந்தது. போனஸ் அறிவிப்பு வந்த நாள்களில் நான் ஈஎம்ஏ கட்சிக்காரனாகிவிடுவேன்.

ஈஎம்ஏ பழையதை எப்படி மறக்கிறது என்பதை வாடிக்கையாளர்களுக்கு ஒரு குடத்தை வைத்துச் சொல்வேன். 200 நாள் ஈஎம்ஏவில் பெருக்கும் எண் 2/201, அதாவது ஏறக்குறைய நூறில் ஒன்று. நூறு டம்ளர் பிடிக்கிற குடத்தில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. தினமும் ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டிவிட்டு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். உப்பு நாளுக்கு நாள் குறையும், ஆனால் ‘இன்றோடு உப்பு தீர்ந்தது’ என்று சொல்லும்படி ஒரு நாள் வராது. சுமார் 69 நாளில் பாதி உப்பு போயிருக்கும். 200 நாள் முடிந்த பிறகும் பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் மிச்சமிருக்கும்.

ஈஎம்ஏ வேகமானது, எஸ்எம்ஏ மெதுவானது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி உண்மைதான் அது. விலை தினமும் 10 புள்ளி என்று சீராக ஏறிக்கொண்டே போனால், 200 நாள் எஸ்எம்ஏ விலைக்கு 995 புள்ளி கீழே இருக்கும். 200 நாள் ஈஎம்ஏவும் நாளடைவில் அதே 995 புள்ளி கீழேதான் வந்து நிற்கும். இரண்டிலும் அடங்கிய விலைகளின் சராசரி வயது 99.5 நாள். பெருக்கும் எண்ணாக 2/(N+1) வைப்பதே இந்த வயது இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும் என்பதால்தான். ஆக, ஒரே திசையில் போகும் சந்தையில் இரண்டுக்கும் பின்தங்கல் ஒன்றே. வேறுபாடு தெரிவது திருப்பத்தில். அந்த இடத்தில், அண்மைய 69 நாளுக்கு ஈஎம்ஏ தன் எடையில் பாதியைக் கொடுத்திருக்கும். எஸ்எம்ஏ கொடுத்திருப்பது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்.

இதை ஊரறிய நடத்திக் காட்டிய ஆண்டு 2020.

பிப்ரவரி கடைசியில் நிஃப்டியின் 200 நாள் எஸ்எம்ஏ, ஈஎம்ஏ இரண்டுமே 11,700 அருகில் இருந்தன. பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, நிஃப்டி 11,202இல் முடிந்தது. இரண்டு கோட்டுக்கும் தெளிவாகக் கீழே. இறங்கும்போது எது சிறந்தது என்ற வாதத்துக்கே இடமிருக்கவில்லை. உச்சத்தில் பல மாதம் சமதளமாக ஓடிய சந்தை சட்டென்று உடைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் எச்சரிக்கும். மார்ச் 23 அன்று குறியீடு 7,610. கோட்டுக்குக் கீழே போனதும் வெளியேறியவர்கள் அந்த 32 சதவீதச் சரிவைக் கரையிலிருந்து பார்த்தார்கள்.

ஏறும்போதுதான் இரண்டும் பிரிந்தன. ஜூலை முதல் வாரத்தில் ஓய்வுபெற்ற மில் கணக்காளர் ஒருவர் எனக்குத் தொலைபேசினார். பல ஆண்டாக எங்கள் வாடிக்கையாளர். பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை நிஃப்டி இடிஎஃப்பில் வைத்து, 200 நாள் கோட்டுக்குக் கீழே போனால் வெளியே வருவது, மேலே வந்தால் உள்ளே போவது என்று என்னோடு பேசி வைத்திருந்தவர்.

“தம்பி, கோட்டுக்கு மேல வந்துருச்சுன்னு பையன் போன்ல காட்டறான். நீங்க இன்னும் இல்லைங்கறீங்களாமே?”

“அவரு பாக்கறது ஈஎம்ஏங்க. நாம பேசி வச்சது எஸ்எம்ஏ. அதுக்கு இன்னும் முந்நூறு புள்ளிக்கு மேல ஏறணுமுங்க.”

“ரெண்டும் இருநூறு நாள்தானே?”

“இருநூறு ஒண்ணுதானுங்க. எதை மறக்கறதுங்கறது வேற.”

அவர் நியாயமான கேள்வியைத்தான் கேட்டார். நிஃப்டி ஈஎம்ஏவைத் தாண்டியது ஜூலை முதல் வாரத்தில், 10,550க்கும் 10,600க்கும் நடுவே. எஸ்எம்ஏவைத் தாண்டியது ஜூலை மூன்றாம் வாரத்தில், 10,900 அருகில். ஜூலை 20 அன்று குறியீடு 11,022. அன்று எஸ்எம்ஏ சுமார் 10,870, ஈஎம்ஏ சுமார் 10,550.

ஏன் இந்த இடைவெளி? ஜூலை 20 அன்று எஸ்எம்ஏவுக்குள் இருந்த 200 நாளில் 106 நாள் பிப்ரவரி கடைசிக்கு முந்தையவை. கொரோனாவுக்கு முந்தைய அந்த 11,500, 12,000 விலைகள் சராசரியில் 53 சதவீத எடையோடு உட்கார்ந்திருந்தன. ஈஎம்ஏவில் அந்தப் பழைய காலம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 39 சதவீதம்தான் எடை. மார்ச், ஏப்ரல், மே மாதத்துத் தாழ்ந்த விலைகளை ஈஎம்ஏ அதிகமாகக் கணக்கில் எடுத்ததால் அது கீழே இறங்கி வந்து, ஏறிவரும் விலையைச் சீக்கிரம் சந்தித்தது.

இன்னொரு வேடிக்கையும் அந்த வாரத்தில் நடந்தது. ஜூலை 20 அன்று விலை எஸ்எம்ஏவுக்கு மேலே இருந்தும் எஸ்எம்ஏ கோடு அன்று கீழேதான் இறங்கியது. உள்ளே வந்த விலை 11,022. வெளியே போனது 2019 செப்டம்பர் கடைசி வாரத்தின் 11,500 அளவிலான விலை. ஈஎம்ஏவில் இப்படி நடக்க வழியே இல்லை. விலை மேலே இருந்தால் ஈஎம்ஏ ஏறும், கீழே இருந்தால் இறங்கும். அதனால் ‘விலை கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கோடும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்’ என்ற இரட்டை நிபந்தனை எஸ்எம்ஏவில் இரண்டு கேள்வி; ஈஎம்ஏவில் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது. ஈஎம்ஏவை வைத்து இந்த இரட்டை நிபந்தனையைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கணக்கு நோட்டை அவர்கள் கையில் கொடுக்கத் தோன்றும்.

வெளியேறிய விலை 11,202 என்று வைத்துக்கொண்டால், ஈஎம்ஏக்காரர் 10,600 அளவில் திரும்ப வந்தார், லாபம் ஐந்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. எஸ்எம்ஏக்காரர் 10,900இல் வந்தார், லாபம் மூன்று சதவீதத்துக்கும் கீழே. தரகும் வரியும் போனால் இன்னும் சுருங்கும். 32 சதவீதச் சரிவிலிருந்து தப்பியவர் கையில் நின்றது அவ்வளவுதான். நீண்டகால வடிகட்டியின் வேலை லாபத்தைப் பெருக்குவதல்ல. நடுவில் வரும் பள்ளத்தின் ஆழத்தைக் குறைப்பது. அந்தப் பள்ளத்தில் தூக்கம் கெடாதவருக்கு, பணம் பல ஆண்டுக்குத் தேவைப்படாதவருக்கு, இந்த வடிகட்டி தேவையே இல்லை என்று நான் சொல்லிவிடுவதுண்டு. அந்தக் கணக்காளருக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் அவர் அதிலிருந்துதான் மாதச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் இன்னும் வேகமான 50 நாளை வைத்தால் என்ன? இந்தக் கேள்விக்கும் அதே ஆண்டு விடை வைத்திருக்கிறது. ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,860இல் முடிந்தபோது 50 நாள் எஸ்எம்ஏ கோட்டை எட்டியது. நம்பி உள்ளே போனவர்களுக்கு அடுத்த வேலை நாளான மே 4 அன்று ஒரே நாளில் 566 புள்ளி சரிவு. பிறகு மே 27 வாக்கில் மறுபடியும் கோட்டுக்கு மேலே வந்தது. இந்த முறை விலை 9,315தான். ஏப்ரல் 30ஐவிட 500 புள்ளிக்கு மேல் குறைவான விலை, ஆனாலும் கோட்டுக்கு மேலே! விலை ஏறிக் கோட்டைத் தாண்டவில்லை. பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்து உயர்ந்த விலைகள் நாளுக்கொன்றாகக் கழிந்து, 9,800 அருகில் இருந்த கோடு 9,000க்கு இறங்கி வந்து விலைக்குக் கீழே நுழைந்துகொண்டது. கழியும் வரியின் வேலைதான்.

மே கடைசியில் 9,315இல் நுழைந்தவர் 200 நாள்காரரைவிட வெகு மலிவாக நுழைந்தார் என்பது உண்மை. அதற்கு அவர் கொடுக்கும் விலை, மற்ற ஆண்டுகளில் வரும் பொய்த் தாண்டல்கள். 50 நாள் கோட்டில் அடங்கிய விலைகளின் சராசரி வயது ஐந்து வாரந்தான். ஏறும் சந்தையில் வழக்கமாக வரும் சின்ன இறக்கம்கூட விலையை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். அப்படி வெளியேறி, மறுபடி அதிக விலைக்கு உள்ளே வருவதைச் சந்தையில் ‘விப்சா’ என்போம். 200 நாளும் அதிலிருந்து தப்பாது. 2019 பிப்ரவரியில் நிஃப்டி 7ஆம் தேதி 11,069, 19ஆம் தேதி 10,604. 200 நாள் சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய படுக்கையாகக் கிடந்தது. கோடு படுத்திருக்கும்போது விலை அதைத் தாண்டுவதில் செய்தி எதுவும் இல்லை. எஸ்எம்ஏவாக இருந்தாலும் ஈஎம்ஏவாக இருந்தாலும் அந்த மாதம் இரண்டும் சேர்ந்தேதான் அலைக்கழித்திருக்கும்.

இந்த அலைக்கழிப்பைக் குறைக்க, சராசரியின் வகையை மாற்றுவதைவிட, பார்க்கும் முறையை மாற்றுவது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஒன்று, கோட்டைச் சுற்றி ஒரு சதவீத இடைவெளி விடுவது: ஒரு சதவீதம் மேலே போனால்தான் நுழைவு, ஒரு சதவீதம் கீழே போனால்தான் வெளியேற்றம். அமெரிக்கச் சந்தையை வைத்து 1992இல் பிராக், லகோனிஷாக், லெபரோன் ஆகியோர் நடத்திய ஆய்வில் 50, 150, 200 நாள் சராசரிகளை இதே ஒரு சதவீத இடைவெளியோடும் இல்லாமலும் சோதித்திருக்கிறார்கள். இன்னொன்று, தினமும் பார்க்காமல் மாதக் கடைசி நாளில் மட்டும் பார்ப்பது. மெப் ஃபேபர் 2007இல் எழுதிய கட்டுரையில் 10 மாத எளிய சராசரியை மாத முடிவில் மட்டும் ஒப்பிடும் விதி இருக்கிறது. 10 மாதம் என்பது ஏறக்குறைய நம் 200 வேலைநாள். மாதம் ஒருமுறை பார்க்கிறவருக்கு ஜூலை முதல் வாரத் தாண்டலும் மூன்றாம் வாரத் தாண்டலும் ஒன்றுதான். அவர் ஜூலை 31 அன்று பார்க்கும்போது நிஃப்டி இரண்டு கோட்டுக்கும் மேலே இருந்தது. அப்பாவும் பையனும் சண்டை போடத் தேவையே இருந்திருக்காது. அதற்குப் பதில் இந்த முறைக்கும் ஒரு செலவு உண்டு: மாத நடுவில் மார்ச் 2020 போல ஒன்று தொடங்கினால், மாதக் கடைசி வரை கைகட்டி நிற்க வேண்டும்.

திரைக்கு வந்த பிறகு ஈஎம்ஏவில் ஒரு புது வம்பு முளைத்தது. நேற்றைய சராசரியிலிருந்து இன்றைய சராசரி என்றால், முதல் நாளுக்கு முந்தைய சராசரி எது? சில மென்பொருள்கள் முதல் நாள் விலையையே வைத்துத் தொடங்கும். சில, முதல் 200 நாளின் எளிய சராசரியிலிருந்து தொடங்கும். தொடக்கத்தில் 1,000 புள்ளி பிசகினால், 200 நாளுக்குப் பிறகும் 135 புள்ளி பிசகு மிச்சமிருக்கும். 600 நாள் ஆனால்தான் அது இரண்டு, மூன்று புள்ளியாகக் கரையும். ஒரே பங்கின் 200 நாள் ஈஎம்ஏ இரண்டு செயலியில் இரண்டு விதமாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சோதிப்பது எளிது. வரைபடத்தை இடப்பக்கம் இழுத்துப் பழைய தரவை இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஏற்றுங்கள். இன்றைய ஈஎம்ஏ எண் மாறினால் முன்பு பார்த்த எண் நம்பத்தக்கதல்ல. பங்குச்சந்தைக்கு வந்து ஓராண்டே ஆன நிறுவனத்துக்கு 200 நாள் ஈஎம்ஏ பார்ப்பதை நான் தவிர்ப்பது இதனால்தான். எஸ்எம்ஏவுக்கு இந்தக் கோளாறு கிடையாது; 200 விலை இருந்தால் விடை ஒன்றே.

நீளத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பது இரண்டே. முதலாவது, பணம் எவ்வளவு நாள் உள்ளே இருக்கப் போகிறது. சில மாதம் வைத்திருந்து விற்கிறவருக்கு 200 நாள் கோடு சொல்லும் செய்தி ஐந்து மாதப் பழசு. அவர் கணக்கு முடிந்த பிறகு வந்து சேரும். அவருக்கு 50. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர் 50ஐப் பார்த்தால் தரகருக்குத்தான் வருமானம். இரண்டாவது, அக்கம்பக்கத்து எண்கள். கடந்தகாலத் தரவில் சோதித்து, “193 நாள்தான் அற்புதம்” என்று கொண்டு வருகிறவர்களிடம் 180, 190, 210, 220 என்ன சொல்கின்றன என்று கேட்பேன். அவையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தால், அந்த வட்டாரத்தில் எதை எடுத்தாலும் சரி. 193 மட்டும் தனியாக மின்னினால், ஏதோ ஒரு பழைய சரிவின் தேதிக்குப் பொருந்திப்போன தற்செயல் அது. அடுத்த சரிவு அந்தத் தேதியில் வராது. 200 என்ற எண்ணில் மந்திரம் எதுவுமில்லை. 40 வாரம், சுமார் 10 மாதம் என்று எண்ண வசதியானது, பலரும் பார்ப்பது. அவ்வளவே.

அந்தக் கணக்காளருக்கு நாங்கள் கடைசியில் முடிவு செய்தது இது: 200 நாள் எஸ்எம்ஏ, மாதக் கடைசி வேலைநாளில் மட்டும், ஒரு சதவீத இடைவெளியோடு. ஈஎம்ஏவை விட்டது அது மோசம் என்பதால் அல்ல. நான் இல்லாத நாளிலும் அவர் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதே எண் வர வேண்டும், கோடு ஏன் அசைந்தது என்று கேட்டால் கழிந்த விலையைக் கைகாட்ட முடிய வேண்டும். பையன் தன் கணக்கில் 50 நாள் ஈஎம்ஏ வைத்துக்கொண்டார். அவர் வாங்குவது சில வாரத்துக்கான பங்குகள், அதற்கு அது பொருத்தம். ஒரு வீட்டில் இரண்டு கோடு இருக்கலாம், ஒரு கணக்கில் இரண்டு கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். இரண்டு கோடு வைத்திருப்பவர், தான் ஏற்கெனவே செய்ய விரும்பியதைச் சொல்லும் கோட்டைத்தான் அன்றைக்குப் பார்ப்பார்.